70 கிலோ வரம்பில் நிற்கும் ரெய்டருக்குக் கிரியேட்டின்

கேள்வி: "சேர், ஹட்டன் பக்கத்துத் தோட்டம். வயது 22. கபடியில் ரெய்டர், புட்போலில் விங். முதல் பாதியில் நன்றாக ஓடுகிறேன், அதற்குப் பிறகு கால் வரமாட்டேன் என்கிறது. ஜிம்மில் இருக்கிற ஒரு அண்ணன், கிரியேட்டின் வாங்கி ஒரு கிழமைக்குத் தினமும் 20 கிராம் போடு என்கிறார். இன்னும் ஆறு கிழமையில் கபடி டூர்னமன்ட், எடை வரம்பு 70 கிலோ. நான் 68.5. வீட்டில் கிழமைக்கு ஒரு நாள்தான் கோழி. அம்மா கிட்னி போய்விடும் என்று பயப்படுகிறார். எடுக்கலாமா?"

எடுக்கலாம் தம்பி. ஆனால் 20 கிராம் வேண்டாம். அடுத்த கிழமை தொடங்கி, தினமும் 3 கிராம் போதும். ஜிம் அண்ணன் சொன்ன முறை தவறான முறை இல்லை, நிறைய ஆய்வுகளில் பயன்பட்ட முறைதான். உங்கள் எடைக்கும் உங்கள் திகதிக்கும்தான் அது பொருந்தாது. அதை விளக்க, ரெய்டுக்குள் போன உங்கள் தொடையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

முழு வேகத்தில் பாயும்போது தசை நேரடியாக எரிப்பது ஏடிபி என்ற பொருளை. அதன் கையிருப்பு ஓரிரு செக்கனுக்குத்தான் வரும். தீரத் தீர அதை உடனே திருப்பிச் செய்து கொடுப்பது பாஸ்போகிரியேட்டின். தசையில் இருக்கும் கிரியேட்டினில் பெரும்பகுதி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. 6 செக்கன் உயிரைக் கொடுத்து ஓடினால் அதில் பாதியளவு போய்விடும். நின்று மூச்சு வாங்கும்போது அது மறுபடி நிரம்புகிறது. போனதில் பாதி நிரம்ப அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும், கிட்டத்தட்ட முழுவதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். சின்னக் குழாயில் நிரம்பும் தாங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்துவிட்டால் ஒரே மூச்சில் காலியாகும், நிரம்புவதற்குக் காத்திருக்க வேண்டும்.

இப்போது கபடியைப் பாருங்கள். ஒரு ரெய்டுக்கு 30 செக்கன். நீங்கள் திரும்பி வந்ததும் எதிரணி ரெய்டர் வருகிறார், அது இன்னொரு 30 செக்கன். அப்போதும் நீங்கள் சும்மா நிற்பதில்லை, செயினில் கை கோர்த்துக்கொண்டு நகர்கிறீர்கள், சில வேளை பிடிக்கவும் பாய்கிறீர்கள். அணியின் முதல் ரெய்டர் என்றால் அடுத்த ரெய்டும் உங்களுடையதுதான். அதாவது தாங்கி பாதி நிரம்பும் முன்னே மறுபடி திறக்கிறீர்கள். புட்போலில் விங்குக்கு இவ்வளவு நெருக்கமில்லை. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நடக்கவும் மெதுவாக ஓடவும் நேரம் கிடைக்கும். ஆனால் எதிர்த்தாக்குதல் இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால் அதே கதைதான். ஹொக்கியில் ஆளை எத்தனை முறையும் மாற்றலாம் என்பதால், வெளியே உட்காரும் சில நிமிடத்தில் தாங்கி நிரம்பிவிடுகிறது. மாத்தளைப் பக்கத்து ஹொக்கிப் பையன்கள் கேட்டால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

1993இல் வெளியான ஓர் ஆய்வில், 6 செக்கன் வீதம் பத்துத் தடவை, இடையில் 30 செக்கன் மட்டும் விட்டு, உச்ச வேகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்துத் தசையைச் சோதித்தார்கள். முதல் தடவையில் ஒட்சிசன் இல்லாமல் வரும் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் பாஸ்போகிரியேட்டினிலிருந்து வந்தது, மீதி சர்க்கரையை எரித்து வந்தது. பத்தாவது தடவையில் சர்க்கரை வழி கிட்டத்தட்ட அடைபட்டுப்போக, அந்தச் சக்தியில் சுமார் 80 வீதத்தைப் பாஸ்போகிரியேட்டினே கொடுத்தது. அதற்குள் மிதிக்கும் பலம் முதல் தடவையைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தது. கிரியேட்டின் எங்கே உதவும் என்பது இதிலேயே இருக்கிறது. உங்கள் முதல் ரெய்டை அது வேகமாக்காது. ஆறாவது, ஏழாவது ரெய்டில் வரும் வேக வீழ்ச்சியைக் கொஞ்சம் குறைக்கும். கிரியேட்டின் தூள் எடுத்தால் தசையின் கிரியேட்டின் பொதுவாக 20 வீதம் அளவு கூடும், ஆளுக்கு ஆள் 10 முதல் 40 வரை மாறும். தாங்கி கொஞ்சம் பெரிதாகிறது, அவ்வளவுதான்.

களத்தில் அது எவ்வளவு தெரியும்? 2000இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல பயிற்சியுள்ள கால்பந்து வீரர்களுக்கு 6 நாள் 20 கிராம் வீதம் கொடுத்தார்கள். 15 மீட்டரை 30 செக்கன் இடைவெளியில் ஆறு தடவை ஓடியதில் முன்னேற்றம் இருந்தது. நீண்ட ஓட்டச் சோதனையில் எதுவும் மாறவில்லை. வேறு ஓட்ட ஆய்வுகளில் வித்தியாசமே தெரியாமல் போனதும் உண்டு. சைக்கிளில் தெளிவாகத் தெரியும் பலன் ஓட்டத்தில் மங்கலாவதற்கு ஒரு காரணம் உடல் எடை. சைக்கிள் உங்களைச் சுமக்கும், ஓட்டத்தில் நீங்களே உங்களைச் சுமக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வீதத்துக்குள் ஒரு லாபம் என்று எதிர்பாருங்கள். அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் அவர் தூள் விற்கிறவராக இருப்பார்.

அதற்கு முன் ஒரு விஷயம். "முதல் பாதிக்குப் பிறகு கால் வரமாட்டேன் என்கிறது" என்றீர்கள். அது உண்மையிலேயே கிரியேட்டின் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று ரெய்டு அடுத்தடுத்துப் போனதும் கால் சோர்ந்து, நாலைந்து நிமிடம் வெளியே இருந்ததும் பழைய வேகம் திரும்பினால், அது தாங்கி காலியாகிற சோர்வு. தூள் உதவ வாய்ப்பு உண்டு. இடைவேளைக்குப் பிறகும், ஆறிய பிறகும், கால் கட்டை போலவே இருந்தால் காரணம் வேறு. பகல் ஒரு ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுப் பின்னேரம் இறங்கியிருப்பீர்கள், தசையில் மாப்பொருள் இருக்காது. இல்லாவிட்டால் நீண்ட ஓட்டப் பயிற்சி போதாது. தாங்கியை நிரப்புவது ஒட்சிசன்தான், நீண்ட ஓட்டத்தில் பலமுள்ளவனுக்கு அது சீக்கிரம் நிரம்பும். இன்னொரு காரணம் இரத்தச்சோகை. தோட்டப்பக்கத்தில் இதைப் பெண்களிடம் மட்டும் தேடுகிறோம், ஆண் பிள்ளைகளை யாரும் பார்ப்பதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணீர் குடிக்கும் நம் பழக்கம் இரும்புச்சத்து சேர்வதைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தேகமிருந்தால் ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். இரத்தம் குறைந்த உடம்புக்குத் தூள் வாங்குவது வீண் செலவு.

சரி, எடை விஷயத்துக்கு வருவோம். கிரியேட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். நாளுக்கு 20 கிராம், அதாவது 5 கிராம் வீதம் நாலு வேளை என்று ஐந்து முதல் ஏழு நாள் எடுத்தால், அந்த ஒரு கிழமையிலேயே ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ ஏறும். 68.5 கிலோவில் இருக்கும் ஆளுக்கு அது 69.5 அல்லது 70.5. அது கொழுப்பு இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வரம்பைத் தாண்டிவிட்டால் கடைசி நாள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஓடி வியர்வையாக இறக்கலாம் என்று சில பேர் நினைக்கிறார்கள். வியர்வையாகப் போவது உடம்பெல்லாம் இருக்கிற தண்ணீர், தசையில் ஏறிய கிரியேட்டின் அங்கேயே இருக்கும். தூளை நிறுத்தினால்கூட அது பழைய அளவுக்கு இறங்க நாலு முதல் ஆறு கிழமை ஆகும். தண்ணீர் வற்றிய உடம்போடு ரெய்டுக்குப் போனால், கிரியேட்டின் தந்த லாபத்தையும் இழப்பீர்கள்.

மெதுவான வழிக்கும் முடிவு ஒன்றுதான். நாளுக்கு 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தால், தசையில் சேரும் அளவு அந்த ஒரு கிழமை முறைக்குச் சமமாகிவிடுகிறது. இது 1996இலேயே அளந்து காட்டப்பட்டது. உங்களிடம் 42 நாள் இருக்கிறது. எடை பார்க்க முதல் ஒரு கிழமை போனாலும், தூள் தொடங்கி நாலாவது கிழமை முடிவில் தசை நிரம்பிவிடும், அதற்குப் பிறகும் ஒரு கிழமை அந்தத் தசையோடு பயிற்சி செய்யலாம். செலவையும் பாருங்கள். 300 கிராம் டப்பா ஒன்று, 3 கிராம் வீதம் 100 நாள் வரும். ஜிம் முறையில் முதல் ஐந்து நாளிலேயே 100 கிராம் தீர்ந்துவிடும். அடுத்த கிழமையே போட்டி, எடை வரம்பும் இல்லை என்றால் மட்டும் நான் 20 கிராம் முறையைச் சொல்வேன்.

உங்கள் கணக்கை இப்படிப் போடுங்கள். தூளைத் தொடும் முன் ஒரு கிழமை, காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு வந்ததும், சாப்பிடாமல் குடிக்காமல், ஒரே தராசில் எடை பாருங்கள். ஏழு நாளின் சராசரிதான் உங்கள் உண்மையான எடை. ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் அரைக் கிலோ ஆடுவது சாதாரணம் என்பதால், ஒரு நாள் எண்ணை நம்ப வேண்டாம். சராசரி 68.5 என்று வைப்போம். பிறகு தூளைத் தொடங்கி அதே மாதிரி குறித்து வாருங்கள். மூன்றாவது கிழமையின் சராசரி 69.2க்குள் இருந்தால் தொடருங்கள். 69.5ஐத் தாண்டினால் அன்றே நிறுத்துங்கள். போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கும், கொஞ்சமாவது இறங்க அவகாசம் உண்டு. கடைசிக் கிழமையில் நிறுத்துவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. எடை பார்ப்பது காலையிலா, பகல் சாப்பாட்டுக்குப் பிறகா என்பதை ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேளுங்கள். வயிறு நிறையச் சோறும் தண்ணீரும் போன பிறகு தராசு ஏறினால், காலை எடையைவிட ஒரு கிலோ கூடக் காட்டும். காலையில் 69.3, பின்னேரம் 70.3. தூளைக் குறை சொல்லிப் பயனில்லை.

பலன் தெரிகிறதா என்பதையும் அளந்து பாருங்கள், "உடம்பு லேசாக இருக்கிறது" என்ற உணர்வை நம்பாதீர்கள். கிரவுண்டில் 30 மீட்டரை அளந்து இரண்டு குச்சி நடுங்கள். 30 செக்கனுக்கு ஒரு தடவை புறப்பட்டு, ஆறு தடவை முழு வேகத்தில் ஓடுங்கள். தூளுக்கு முன் நேரங்கள் 4.4, 4.5, 4.6, 4.7, 4.8, 4.9 என்று வந்தால் கூட்டுத்தொகை 27.9 செக்கன். ஆறையும் முதல் வேகத்திலேயே ஓடியிருந்தால் 26.4 வந்திருக்கும். ஆகவே வேக வீழ்ச்சி சுமார் 5.7 வீதம். ஐந்தாவது கிழமையில் மறுபடி ஓடி 4.4, 4.5, 4.5, 4.6, 4.7, 4.7 வந்தால் கூட்டுத்தொகை 27.4, வீழ்ச்சி 3.8 வீதம். முதல் ஓட்டம் மாறவே இல்லை, கடைசி ஓட்டங்கள் மாறியிருக்கின்றன. கிரியேட்டின் வேலை செய்தால் இப்படித்தான் தெரியும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. இவ்வளவு வித்தியாசம் உங்களுக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் ஸ்டொப்வோச் பிடித்தால் ஒன்று இரண்டு பத்திலொரு செக்கன் பிழை சாதாரணமாக வரும், தேடுகிற லாபமே அந்த அளவுதான். அதனால் போனில் வீடியோ எடுத்து நிதானமாக ஓட்டிப் பார்த்து நேரம் எடுங்கள். இரண்டு நாளும் அதே சப்பாத்து, அதே நிலம். நம் பக்கத்துக் கிரவுண்ட் பாதி சரிவு, ஒரு நாள் மேல்நோக்கியும் இன்னொரு நாள் கீழ்நோக்கியும் ஓடிவிட்டுத் தூளைப் புகழக்கூடாது. மழைக்குப் பிறகு ஈரப்புல்லில் எடுத்த கணக்கையும் தூக்கிப் போடுங்கள்.

உங்களுக்குப் பலன் வர வாய்ப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். காரணம் அந்தக் கிழமைக்கு ஒரு நாள் கோழி. உடம்புக்கு நாளுக்கு ஏறக்குறைய 2 கிராம் கிரியேட்டின் தேவை. பாதியை உடம்பே செய்துகொள்ளும், மீதி இறைச்சி மீனிலிருந்து வர வேண்டும். ஒரு கிலோ பச்சை இறைச்சியிலேயே மூன்று முதல் ஐந்து கிராம்தான் இருக்கிறது. சோறு, ரொட்டி, பருப்பு, கீரையில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே இறைச்சி குறைவாகச் சாப்பிடுகிறவரின் தாங்கி ஏற்கெனவே குறைவாக நிற்கிறது, ஏறுவதற்கு இடம் உண்டு. தினம் இறைச்சி தின்கிறவர்களில் சிலருக்குத் தூள் எடுத்தும் ஒன்றும் ஏறாமல் போவது இதனால்தான்.

எப்படிக் குடிப்பது என்றால், வாங்க வேண்டியது வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட். வேறு பெயரில், கூடின விலையில் வருகிற வகைகள் இதைவிட நல்லது என்று காட்டப்படவில்லை. டப்பாவுக்குள் இருக்கும் கரண்டி பெரும்பாலும் 5 கிராமுக்கானது, லேபிளைப் பார்த்து அதில் பாதிக்குச் சற்று மேல் எடுங்கள். மலைநாட்டில் எல்லாரும் சொல்லும் முறைப்பாடு, தூள் கரையாமல் அடியில் மணல் போலத் தங்குகிறது என்பது. அது கலப்படத்தின் அடையாளம் இல்லை. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 14 கிராம் கரையும், 4 பாகையில் 6 கிராம்தான். நுவரெலியாக் காலைக் குளிரில் ஒரு கிளாஸ் பைப் தண்ணீரில் 3 கிராம் எப்படிக் கரையும்? இளஞ்சூடான தண்ணீரிலோ, ஒரு கோப்பை பிளேன்டீயிலோ போட்டால் நன்றாகக் கரையும். ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள கஃபீன் பயப்படுகிற அளவு இல்லை. கலக்கியதும் குடித்துவிடுங்கள், போத்தலில் தேசிக்காய்த் தண்ணீரோடு கலந்து நாள்கணக்கில் வைத்தால் அது மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக மாறிவிடும். நேரம் முக்கியமில்லை. பகல் சோற்றோடு சேர்த்து எடுத்தால் தசைக்குள் போவது சற்று சுலபம், தினமும் மறக்காமலும் இருக்கும். ஒரே தடவையில் 10 கிராம் போட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், 3 கிராமில் அந்தத் தொல்லை அரிது.

அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளின் சிறுநீரக நோயைப் பற்றித் தினமும் செய்தியில் கேட்கிற நாட்டில் அந்தப் பயம் இயல்பு. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்கள் இந்த அளவில் கிரியேட்டின் எடுத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தும், சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரகத்தைப் பரிசோதிக்க இரத்தத்தில் பார்ப்பது கிரியேட்டினின். அது கிரியேட்டின் சிதைந்து வருகிற கழிவு. நீங்கள் தூள் எடுத்தால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் கூடலாம். டொக்டருக்குத் தெரியாவிட்டால் அவர் பயந்துபோவார், அம்மா இன்னும் பயப்படுவார். ஆகவே தொடங்கும் முன் ஒரு தடவை சீரம் கிரியேட்டினினும் சிறுநீரும் பார்த்துவிட்டு அந்த ரிப்போட்டை வைத்திருங்கள். பிறகு எப்போது இரத்தம் எடுத்தாலும் தூள் எடுப்பதைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிஸ்டட்டின் சி என்ற பரிசோதனை உண்டு, அது கிரியேட்டினால் மாறாது. உங்களுக்கு நீரிழிவோ, உயர் இரத்த அழுத்தமோ, ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ இருந்தால், டொக்டர் சரி என்று சொல்லாமல் தொடவே வேண்டாம். உங்கள் தோட்டத்துப் பாடசாலைப் பையன்களோடு டப்பாவைப் பங்கு போடவும் வேண்டாம். அவர்கள் வயதில் செய்யப்பட்ட ஆய்வுகள் குறைவு, அவர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு முட்டை.

கிரியேட்டின் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. பயம் டப்பாவுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதில்தான். இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இயங்குகிறது. மாதிரியில் தடைசெய்த பொருள் அகப்பட்டால், "தூளில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது. மாகாண, தேசிய மட்டத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால், இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட் மாதிரி வெளியார் பரிசோதித்த முத்திரை உள்ள டப்பாவாக வாங்குங்கள். அதன் தொகுதி இலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஜிம்மில் பொலித்தீன் பையில் கொட்டிக் கொடுக்கிற தூளுக்குக் கிட்டப் போகாதீர்கள். "ப்ரீ-வேர்க்கவுட்" என்று பத்துச் சாமான் கலந்து விற்பதும் வேண்டாம்.

டூர்னமன்ட் முடிந்ததும் புட்போல் சீசனுக்கு எடை வரம்பு இல்லை, அதே 3 கிராமைத் தொடரலாம். டப்பா முடிந்து அடுத்தது வாங்கக் கொஞ்ச நாள் இடைவெளி விழுந்தாலும் கவலை வேண்டாம், தசை ஒரே நாளில் வெறுமையாகாது. எண்களைக் குறித்த கொப்பியை மட்டும் வைத்திருங்கள். ஐந்தாவது கிழமை ஓட்டத்தில் அந்த வீழ்ச்சி குறையவே இல்லையென்றால், நீங்கள் பலன் வராத ஆளாக இருக்கலாம். அப்படியானால் இரண்டாவது டப்பாவுக்கு வைத்திருக்கிற காசில் முட்டையும் நெத்தலிக் கருவாடும் வாங்குங்கள்.